ஒன்பது மடங்கு எடையில் நினைவோடு இருப்பது

வணக்கம் நேயர்களே. போர் விமானி வேகத்தால் மயங்குவதில்லை. விமானத்தைச் சடாரெனத் திருப்பும்போதுதான் மயங்குகிறார். திருப்பத்தில் உடல் எத்தனை மடங்கு கனக்கிறதோ, அதை அத்தனை ஜி என்பார்கள். மயக்கம் ஏன் என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம்.

இதயத்திலிருந்து கண்ணுக்கு ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் உயரம். அந்த உயரத்துக்கு ரத்தத்தை ஏற்றுவதற்கு, ஒவ்வொரு ஜி-க்கும் சுமார் 22 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் செலவாகிறது. இதயம் 120-இல் தள்ளுகிறது என்றால், 5 ஜி-யில் 110 வழியிலேயே போய்விடும். மிஞ்சுவது பத்துதான். கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் அதைவிட அதிகம் என்பதால் ரத்தம் உள்ளே நுழைய முடியாது. எனவே முதலில் நிறம் மங்கும், பிறகு பார்வையின் ஓரங்கள் இருளும். மூளை கொஞ்சம் தாமதமாகத்தான் தோற்கும்.

பார்வை மங்குவதைக் கண்டு கட்டுப்பாட்டுக் கோலைத் தளர்த்தினால் தப்பிவிடலாம். ஆனால் இன்றைய விமானம் ஓரிரு வினாடியில் 9 ஜி-க்குப் போய்விடும். மூளையில் நாலைந்து வினாடிக்கான ஆக்சிஜன் கையிருப்பு உண்டு. அது தீர்ந்ததும், கண் எச்சரிக்காமலேயே நினைவு போய்விடும். அதன்பின் சுமார் 12 வினாடி முழு மயக்கம், இன்னும் அதே அளவு நேரம் குழப்பம். மயங்கியதே நினைவில்லாமல் விழிப்பவர்களும் உண்டு. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

இதற்காகத்தான் மையவிலக்கு இயந்திரத்தில் உட்காரவைத்துச் சுற்றிப் பழக்குகிறார்கள். ஜி ஏறுவதற்கு முன்பே கால், தொடை, பிட்டம், வயிறு எல்லாவற்றையும் இறுக்க வேண்டும். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, தொண்டையை அடைத்துப் பிடிக்க வேண்டும். மூன்று வினாடிக்கு ஒருமுறை மூச்சை வெடுக்கென மாற்ற வேண்டும். அந்த மாற்றம் ஒரு வினாடியைத் தாண்டினால் நெஞ்சின் அழுத்தம் சரிந்துவிடும்; பலர் தவறுவது அங்கேதான். ஜி உடை வயிற்றையும் கால்களையும் காற்றுப்பைகளால் அழுத்தி, ரத்தம் கீழே தேங்காமல் தடுக்கிறது. உடை மட்டும் தருவது ஒன்று, ஒன்றரை ஜி அளவுக்கான தாங்குதிறன்தான். மீதியை விமானியின் தசைகள்தான் ஈடுகட்ட வேண்டும்.

2016-இல் அமெரிக்காவின் அரிசோனாவில், எஃப்-16 விமானத்தில் பயிற்சி பெற்ற மாணவர் ஒருவர் 8 ஜி-க்கும் மேலான திருப்பத்தில் மயங்கினார். விமானம் தரையை நோக்கிப் பாய்ந்தது. வேறொரு விமானத்தில் இருந்த பயிற்சியாளர் வானொலியில் கத்தியும் பதில் இல்லை. தரைமோதல் தடுப்புக் கணினிதான் விமானத்தை நேராக்கி மேலே இழுத்தது. வெளியேற்று இருக்கை இருந்தும் அந்த நேரத்தில் பயனில்லை. அதன் கைப்பிடியை இழுக்க நினைவு வேண்டுமே.

அந்த இருக்கை 12 ஜி-க்கும் மேல் உதைக்கும். ஆனாலும் அதனால் மயக்கம் வருவதில்லை. உதை ஒரு வினாடியின் சிறு பகுதிக்குள் முடிந்துவிடுகிறது, அதற்குள் மூளையின் கையிருப்பு தீராது. அங்கே அடி வாங்குவது முதுகெலும்பு. குனிந்த நிலையில் வெளியேறினால் முள்ளெலும்பு நசுங்கி முறியலாம். அதனால்தான், நேரம் இருந்தால், தலையைப் பின்னால் அழுத்தி, முதுகை நிமிர்த்திய பிறகே கைப்பிடியை இழுக்கச் சொல்லித் தருகிறார்கள்.