கெஸ்ட்டுக்குள்ள எழுத்து மங்கலா தெரியுதா? இரண்டு மானிட்டர், ஒரு 4K ஸ்க்ரீன்

வணக்கம். இன்னைக்கு விர்ச்சுவல்பாக்ஸ்ல ஓடுற ஒரு உபுண்டு கெஸ்ட்டைப் பத்தி மட்டும்தான் பேசப் போறேன். என் லேப்டாப் ஸ்க்ரீன் 4K, அதாவது 3840x2160. பக்கத்துல வெளி மானிட்டர் ஒண்ணு இருக்கு, அது சாதாரண 1920x1080. இந்த ரெண்டுலயும் கெஸ்ட் ஃபுல் ஸ்க்ரீன்ல வரணும், எழுத்தும் கூர்மையா இருக்கணும். இதுதான் எனக்கு வேணும்.

முதல்ல லேப்டாப்ல மட்டும் ஓட்டினேன். எழுத்து சரியான அளவுலதான் இருந்துச்சு, ஆனா ஓரமெல்லாம் மங்கல். ஹோஸ்ட்ல அதே எழுத்து கத்தி மாதிரி இருக்கு. கெஸ்ட்ல டெர்மினல் திறந்து இதை அடிச்சேன்:

```
xrandr | grep '*'
```

1920x1080-னு வந்துச்சு. அப்பவே காரணம் தெரிஞ்சுபோச்சு. கெஸ்ட் தன்கிட்ட இருக்கறது சின்ன ஸ்க்ரீன்னு நினைச்சு வரையுது. விர்ச்சுவல்பாக்ஸ் அந்தப் படத்தை வாங்கி, ஒவ்வொரு புள்ளியையும் நாலா ஊதிக் காட்டுது. செட்டிங்ஸ்ல `Display` பகுதியில `Scale Factor` 200%-ல இருந்துச்சு. எழுத்து பெருசாத் தெரியட்டும்னு நான்தான் அப்படி வெச்சிருந்தேன்.

பெருசாக்குற வேலையை ஒரே ஒரு இடத்துல செய்யுங்க, அந்த இடம் கெஸ்ட்டா இருக்கட்டும். கெஸ்ட் 200%-ல வரையும்போது எழுத்தை நாலு மடங்கு புள்ளிகளை வெச்சுப் புதுசா வரையும். வெளியில ஊதும்போது புதுப் புள்ளி எதுவும் வராது, இருக்கறதுதான் பெருசாகும். அதனால `Scale Factor`-ஐ 100%-க்கு இறக்கினேன், ஃபுல் ஸ்க்ரீன் போனேன், `xrandr` மறுபடியும் அடிச்சேன், 3840x2160 வந்துச்சு. எழுத்து எறும்பு சைஸ்ல இருந்துச்சு. கெஸ்ட்டோட டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல ஸ்கேல் 200% வெச்சதும் கூர்மையா, படிக்கிற அளவுல வந்துடுச்சு. ஸ்லைடர் எங்க நிக்குதுன்னு மட்டும் பார்த்து நம்பாதீங்க, கெஸ்ட்டுக்குள்ள வர்ற எண்ணைப் பாருங்க. ஜன்னலோட கெஸ்ட்டும் சேர்ந்து அளவு மாறலைன்னா, முதல்ல கெஸ்ட் அடிஷன்ஸ் போட்டிருக்கான்னு பாருங்க. போட்டிருந்தும் மாறலையா, கை தவறி ஹோஸ்ட் கீ, அதாவது வலது கண்ட்ரோல், அதோட C அழுத்தி ஸ்கேல்ட் மோடுக்குப் போயிருக்கலாம். அதுல கெஸ்ட்டோட ரெசல்யூஷன் மாறாது, படம் மட்டும் இழுபடும். மறுபடி அதையே அழுத்தினா வெளிய வந்துடலாம்.

அடுத்து ரெண்டாவது மானிட்டர். மெஷினை முழுசா ஷட் டவுன் பண்ணிட்டு `Monitor Count`-ஐ 2 ஆக்கணும். அதோட வீடியோ மெமரியையும் பார்க்கணும், என்னோடதுல 16 எம்பி இருந்துச்சு. ஒரு புள்ளிக்கு 4 பைட். 3840-ஐ 2160-ஆல பெருக்கி, 4-ஆல பெருக்கினா கிட்டத்தட்ட 31.6 எம்பி. சின்ன மானிட்டருக்கு இன்னொரு 7.9. ரெண்டும் சேர்ந்து 39.5. அப்ப 16 எம்பி-ல 4K ஒண்ணுகூட அடங்காது. ரெண்டு சாதாரண மானிட்டர்னாலே 15.8 ஆயிடும். ஃபுல் ஸ்க்ரீன் போகும்போது மெமரி பத்தலைன்னு எச்சரிக்கை வந்தா இதுதான் காரணம். நான் கணக்கு பார்த்து நிக்காம 128 வெச்சுட்டேன்:

```
VBoxManage modifyvm "ubuntu" --vram 128
```

இப்ப ஹோஸ்ட் கீயோட F. ரெண்டு ஸ்க்ரீனும் நிறைஞ்சுது, ஆனா இடம் மாறி வந்துச்சு. ஹோஸ்ட் கீயோட `Home` அழுத்தினா ஃபுல் ஸ்க்ரீன்லயே மெனு வரும். அதுல `View`-க்குள்ள ஒவ்வொரு விர்ச்சுவல் ஸ்க்ரீனுக்கும் எந்த ஹோஸ்ட் ஸ்க்ரீன்னு தேர்ந்தெடுக்கலாம். மாத்திவிட்டேன், சரியாச்சு. கெஸ்ட்ல எத்தனை ஸ்க்ரீன் இருக்கோ, ஃபுல் ஸ்க்ரீனுக்கு ஹோஸ்ட்லயும் குறைஞ்சது அத்தனை இருக்கணும். வெளி மானிட்டரைக் கழட்டிட்டுப் போறவங்க அதுக்கு முன்னாடி ரெண்டாவது விர்ச்சுவல் ஸ்க்ரீனை நிறுத்திடுங்க.

கடைசியா ஒரு சிக்கல் இருக்கு, இதுலதான் எனக்கு நேரம் போச்சு. லேப்டாப்ல 200% அழகா இருக்கு, ஆனா வெளி மானிட்டர்ல ஜன்னலெல்லாம் பூதாகரமா நிக்குது. கெஸ்ட்ல இதைப் பாருங்க:

```
echo $XDG_SESSION_TYPE
```

`x11`-னு வந்தா, வழக்கமா ரெண்டு மானிட்டருக்கும் ஒரே ஸ்கேல்தான். லாக் அவுட் பண்ணி, உள்ள வர்ற இடத்துல வேலண்ட் செஷனைத் தேர்ந்தெடுத்தேன். அங்க லேப்டாப்புக்கு 200, வெளி மானிட்டருக்கு 100-னு தனித்தனியா வைக்க முடிஞ்சுது. வேலண்ட் ஒத்துவராதவங்க, கெஸ்ட்டை 100%-ல விட்டுட்டு விர்ச்சுவல்பாக்ஸ்ல முதல் ஸ்க்ரீனுக்கு மட்டும் `Scale Factor` 200 வைக்கலாம். ரெண்டு மானிட்டர்லயும் அளவு ஒத்துப்போகும், ஆனா 4K-ல அந்த மங்கல் திரும்ப வரும். நாள் பூரா ப்ரோகிராம் கோட் படிக்கிறவங்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். அவங்க ரெண்டாவது விர்ச்சுவல் ஸ்க்ரீனை நிறுத்திட்டு, 4K-ல மட்டும் ஃபுல் ஸ்க்ரீன் போறது கண்ணுக்கு நல்லது.