மண்ணிறமாகத் தெரியும் வயல் செத்த வயலா?

[திரையில்: இரணைமடுக் குளத்துக்குக் கீழே உள்ள வயல்கள், ஜனவரி கடைசி]

வணக்கம் உறவுகளே! சுற்றிவரப் பச்சை, நடுவில் இரண்டு மண்ணிறத் திட்டு. ஒன்றின் சொந்தக்காரர் எல்லாருக்கும் முதல் அறுவடை செய்யப் போகிறார், மற்றவர் இண்டைக்கே வயலுக்கு ஓட வேண்டும். எது எவருடையது?

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது சென்டினல்-2 செய்மதி எடுத்தது, இலவசம். நல்ல இலை சிவப்பு ஒளியை விழுங்கிவிட்டு, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். அந்த இரண்டையும் வைத்துக் கணக்குப் பார்த்து, அதிகம் வந்தால் பச்சை, குறைந்தால் மண்ணிறம் என்று கணினி பூசிய நிறம்தான் இது. புகைப்படம் இல்லை! ஒரு கட்டம் 10 மீட்டருக்கு 10 மீட்டர், ஆக ஒரு ஏக்கருக்குள் ஏறக்குறைய 40 கட்டங்கள்.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருவோம். முதலாவது திட்டின் ஓரம் வரம்பு பிடித்தமாதிரி நேராக இருக்கிறது, துண்டு முழுக்க ஒரே நிறம். பூச்சிக்கு வரம்பு தெரியுமா என்ன? இப்படி இருந்தால் பெரும்பாலும் மனிதர் செய்த வித்தியாசம்தான். நவம்பர் முதல் வாரம் எல்லாரும் விதைத்தார்கள் என்று வையுங்கள். இவர் போட்டது மூன்று மாத நெல், பீஜி 300. பக்கத்தார் போட்டது மூன்றரை மாத பீஜி 352. ஜனவரி கடைசியில் இவருடைய கதிர் பழுத்து இலை மஞ்சளாகும்போது செய்மதிக்கு அது மண்ணிறம், இவருக்கு அது நெல்.

இரண்டாவது திட்டு வரம்பை மதிக்கவில்லை, வட்டமாகப் பரவியிருக்கிறது. இங்கேதான் பழைய படத்தைத் திறக்க வேண்டும். டிசம்பரிலும் அந்த இடம் மங்கலாக இருந்திருந்தால் பள்ளத்தில் தண்ணீர் நின்று விதை அழுகியிருக்கலாம். டிசம்பரில் நல்ல பச்சையாக இருந்து, இரண்டு மூன்று கிழமைக்குள் விழுந்திருந்தால் எனக்குக் கபிலநிறத் தத்திமேல்தான் சந்தேகம். ஆனால் மாரியில் முகில் நிழலும் இதே வேலையைக் காட்டும், அதனால் அதே நாளின் சாதாரண நிறப் படத்தையும் ஒருக்கால் பாருங்கள்.

பச்சைக்காரரும் சிரிக்க வேண்டாம்! கோரையும் செய்மதிக்குப் பச்சைதான். பயிர் அடர்ந்து மூடிய பிறகு கணக்கு ஏறக்குறைய உச்சத்திலேயே நின்றுவிடும், யூரியா கூடிப்போன வயலும் அளவாகப் போட்ட வயலும் ஒரே பச்சையாகத்தான் நிற்கும். உங்கள் குளத்துக்குக் கீழே எப்படித் தெரிகிறது என்று கமெண்டில் போடுங்கள், அடுத்த வீடியோவில் பார்ப்போம்.

அந்த இரண்டாவது வயல்காரருக்கு ஒரு சொல்: திட்டின் நடுவுக்குப் போகாதீர்கள், அங்கே காய்ந்தது காய்ந்ததுதான். பச்சையும் மண்ணிறமும் சேருகிற ஓரத்தில் தூரைப் பிரித்து, தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே பாருங்கள். தத்தி அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும், இலை நுனியில் தேடினால் கிடைக்காது.