உருளை, கூம்பு, கோளம்: ஒன்பதாம் வகுப்புக்கு ஐந்து வினாக்களும் விடைகளும்

[திரையில்: தலைப்பு. பின்னணியில் மூன்று வடிவங்கள்]

வணக்கம். மொரீஷியஸில் ஒன்பதாம் வகுப்பில் பயிலும் மாணவர்களுக்காகத் தயாரித்த வினாடி வினா இது. முதலில் ஐந்து வினாக்களையும் வாசிக்கிறேன். ஒவ்வொன்றின் முடிவிலும் வீடியோவை நிறுத்தி, படம் வரைந்து, விடையைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். π-யின் மதிப்பை 22/7 என்று கொள்ளலாம். ஆனால் π-யைக் கடைசி வரிவரை அப்படியே வைத்திருந்தால் கணக்கு எளிதாக முடியும்.

[திரையில்: வினா 1]

ஒரு வீட்டு மாடியில் இருக்கும் உருளை வடிவத் தண்ணீர்த் தொட்டியின் உட்புற விட்டம் 1.4 மீட்டர், தண்ணீர் நிற்கும் உயரம் 1.5 மீட்டர். அதில் எத்தனை லிட்டர் தண்ணீர் இருக்கிறது?

[திரையில்: வினா 2]

தமாரின் உப்பளத்தில் காண்பதுபோல், உப்பு ஒரு கூம்பாகக் குவிக்கப்பட்டிருக்கிறது. குவியலின் அடியைச் சுற்றிக் கயிற்றால் அளந்தால் 17.6 மீட்டர். அடிவிளிம்பிலிருந்து உச்சிவரை சரிவின் மேலாக அளந்தால் 3.5 மீட்டர். உப்பின் கன அளவு என்ன? மழைக்கு முன் அதை மூட எவ்வளவு பரப்புள்ள தார்ப்பாய் வேண்டும்? அளவுகளை வினாவுக்காக நானே அமைத்தேன்.

[திரையில்: வினா 3]

ஒரு கோளத்தின் ஆரம் இருமடங்கானால், அதன் புறப்பரப்பும் கன அளவும் எத்தனை மடங்காகும்?

[திரையில்: வினா 4]

3 சென்டிமீட்டர் ஆரமுள்ள பந்து ஓர் உருளைப் பெட்டிக்குள், பக்கங்களையும் அடியையும் மூடியையும் தொட்டபடி, சரியாகப் பொருந்தி நிற்கிறது. பெட்டியின் கன அளவில் எந்தப் பங்கைப் பந்து அடைத்துக்கொண்டிருக்கிறது? ஏன் அந்தப் பங்கு?

[திரையில்: வினா 5]

6 சென்டிமீட்டர் ஆரமுள்ள களிமண் உருண்டையை, அதே ஆரமுள்ள உருளையாக மாற்றினால், உருளையின் உயரம் என்ன?

[திரையில்: விடைக்குறிப்பு]

இனி விடைகள். முதல் வினாவில் கொடுத்திருப்பது விட்டம். சூத்திரத்துக்கு வேண்டியது ஆரம். எனவே r = 0.7. கன அளவு πr²h, அதாவது 22/7 × 0.49 × 1.5 = 2.31 கன மீட்டர். ஒரு கன மீட்டர் 1000 லிட்டர் என்பதால் விடை 2310 லிட்டர். ஆரத்தின் இடத்தில் 1.4-ஐப் போட்டவருக்கு 9240 லிட்டர் கிடைத்திருக்கும். அந்த விடை தவறு என்பதை இன்னொருவர் சொல்லாமலே கண்டுபிடிக்கலாம்: தொட்டியைச் சுற்றி ஒரு சதுரப் பெட்டி இருப்பதாக எண்ணுங்கள். அதன் கன அளவு 1.4 × 1.4 × 1.5 = 2.94 கன மீட்டர். பெட்டிக்குள் அடங்கும் உருளை அதைவிடப் பெரியதாக இருக்க முடியாது.

[திரையில்: கூம்பின் நடுவே செங்கோண முக்கோணம். அடிப்பக்கம் r, செங்குத்துப் பக்கம் h, சாய்ந்த பக்கம் l]

இரண்டாம் வினாவில் சற்று நின்று பார்ப்போம். உப்புக் குவியலின் நடுவே அளவுநாடாவைச் செலுத்த முடியாது என்பதால், ஆரத்தையும் நேர் உயரத்தையும் எவரும் நேரடியாக அளப்பதில்லை. வெளியே தொட்டு அளக்கக்கூடிய சுற்றளவும் சாயுயரமும்தான் கையில் கிடைக்கும். சுற்றளவு 2πr = 17.6 என்பதிலிருந்து r = 2.8 மீட்டர். சாயுயரம் செங்கோண முக்கோணத்தின் கர்ணம் ஆகையால், பித்தாகரஸ் தேற்றப்படி h² = 3.5² − 2.8² = 12.25 − 7.84 = 4.41; எனவே h = 2.1 மீட்டர்.

கன அளவுக்கு வேண்டியது நேர் உயரம்: ⅓πr²h = ⅓ × 22/7 × 7.84 × 2.1 = 17.248 கன மீட்டர். தார்ப்பாய்க்கு வேண்டியதோ சாயுயரம், ஏனெனில் துணி சரிவின் மேல்தான் படிகிறது: πrl = 22/7 × 2.8 × 3.5 = 30.8 சதுர மீட்டர். அடிப்பக்க வட்டம் தரையில் இருப்பதால் அதைக் கூட்டக் கூடாது. மடிப்புக்கும் ஓரத்துக்கும் கூடுதல் துணி வேண்டும் என்பது வேறு விஷயம்.

இங்கே பலர் கன அளவுக்கும் 3.5-ஐயே போட்டு, 28.7 கன மீட்டர் என்று எழுதிவிடுவார்கள். அந்த எண்ணைப் பார்த்தவுடன் ஐயம் எழாது. முதல் வினாவின் பெட்டிச் சோதனையும் இங்கே உதவாது. முக்கோணத்தை வரைந்து, எந்தப் பக்கம் எது என்று எழுதுவது ஒன்றே பாதுகாப்பு. இன்னொன்றையும் கவனியுங்கள்: கர்ணமே மிக நீளமான பக்கம். சாயுயரம் ஆரத்தைவிடக் குறைவாக வந்தால், அளந்ததிலேயே பிழை இருக்கிறது.

மூன்றாம் வினா சிறியது. புறப்பரப்பு 4πr²; ஆகவே 4 மடங்கு. கன அளவு 4/3 πr³; ஆகவே 8 மடங்கு.

[திரையில்: உருளைக்குள் பந்து]

நான்காம் வினாவில் பெட்டியின் உயரம் கொடுக்கப்படவில்லையே என்று சிலர் நின்றிருப்பீர்கள். பந்து மேலும் கீழும் தொடுவதால் உயரம் பந்தின் விட்டமேதான், அதாவது 6 சென்டிமீட்டர். உருளை π × 9 × 6 = 54π; பந்து 4/3 × π × 27 = 36π. பங்கு மூன்றில் இரண்டு. அதே பெட்டிக்குள் ஒரு கூம்பைப் பொருத்தினால் அது 18π. ஆகக் கூம்பு, கோளம், உருளை மூன்றும் 1 : 2 : 3 என்ற விகிதத்தில் நிற்கின்றன. உருளையின் மொத்தப் புறப்பரப்பு 54π, கோளத்தினுடையது 36π என்பதால், பரப்பிலும் அதே மூன்றில் இரண்டு பங்கு வருகிறது. இதைக் கண்டறிந்த ஆர்க்கிமிடீஸ் தம் கல்லறையில் கோளமும் உருளையும் பொறிக்கப்பட வேண்டும் என விரும்பினார், கி.மு. 75-இல் சிசிலியில் பதவியிலிருந்த ரோமானியச் சொற்பொழிவாளர் சிசரோ, புதர் மூடிக்கிடந்த அந்தக் கல்லறையை இந்த வடிவங்களைக் கொண்டே அடையாளம் கண்டதாக எழுதியிருக்கிறார்.

[திரையில்: இடப்பக்கம் அரைக்கோளம், வலப்பக்கம் தலைகீழ்க் கூம்பு குடையப்பட்ட உருளை]

ஏன் மூன்றில் இரண்டு? 5 சென்டிமீட்டர் ஆரமுள்ள அரைக்கோளத்தை மேசைமேல் கவிழ்த்து வையுங்கள். பக்கத்தில் ஆரமும் உயரமும் 5 ஆக உள்ள உருளையை வைத்து, அதிலிருந்து முனை கீழ்நோக்கிய ஒரு கூம்பைக் குடைந்து எடுத்துவிடுங்கள். இரண்டையும் மேசையிலிருந்து 3 சென்டிமீட்டர் உயரத்தில் கிடையாக வெட்டுவோம். அரைக்கோளத்தின் வெட்டுமுகம் 4 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டம், ஏனெனில் 25 − 9 = 16; பரப்பு 16π. மறுபக்கம் கிடைப்பது ஒரு வளையம்: வெளிவட்டம் 25π, கூம்பு விட்டுச்சென்ற ஓட்டை 9π, மீதி அதே 16π. 4 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டினால் இரண்டும் 9π. எந்த உயரத்தில் வெட்டினாலும் பரப்புகள் சமம். ஆகவே கன அளவுகளும் சமம். உருளையில் கூம்பு மூன்றில் ஒரு பங்கு என்பதால், எஞ்சியது மூன்றில் இரண்டு; அதுவே அரைக்கோளம்.

ஐந்தாம் வினாவில் மண் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. மாறாதது கன அளவு. 4/3 π × 216 = π × 36 × h. இருபுறமும் π நீங்க, h = 8 சென்டிமீட்டர். புறப்பரப்புகளைச் சமமாக வைத்துத் தொடங்கியவருக்கு விடை 6 என்று வந்திருக்கும். உண்மையில் உருண்டையின் பரப்பு 144π; 8 சென்டிமீட்டர் உருளையின் மொத்தப் பரப்பு 2π × 6 × 14 = 168π. அளவு மாறாத மண்ணுக்கு மிகக் குறைந்த புறப்பரப்பைத் தரும் வடிவம் கோளம் என்பதால், அதை வேறு எந்த வடிவமாக மாற்றினாலும் பரப்பு கூடவே செய்யும்.