முறுக்கில் தண்ணீர் வெளியேறும் நேரம்

நேயர்களுக்கு வணக்கம். முறுக்கு எண்ணெய் குடிப்பதற்கும், இரண்டாம் நாளே நமத்துப் போவதற்கும் காரணம் ஒன்றுதான். அது மாவிலுள்ள தண்ணீர். பிழிந்த மாவு காய்ந்த எண்ணெயில் விழுந்ததும் அதன் நீர் ஆவியாகிக் குமிழிகளாக வெளியேறுகிறது. ஆவி வேகமாக வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்வரை எண்ணெய் உள்ளே நுழைவது கடினம். நீர் போன இடங்களில் நுண்ணிய துளைகள் மிஞ்சுகின்றன. அந்தத் துளைகளைத்தான் எண்ணெய் பிறகு தேடி வருகிறது.

ஆகவே மாவில் தேவைக்கு மேல் தண்ணீர் விட்டால் துளைகளும் கூடும், வேகும் நேரமும் நீளும், எண்ணெயும் கூடுதலாக ஏறும். தேன்குழலுக்கு நான் வைத்துக்கொள்ளும் அளவு, 4 தம்ளர் அரிசி மாவுக்கு வறுத்து அரைத்துச் சலித்த உளுத்த மாவு 1 தம்ளரும், வெண்ணெய் 50 கிராமும் ஆகும். உப்பு, சீரகம், பெருங்காயம் அவரவர் விருப்பம். வெண்ணெயை மாவில் நன்றாகப் பிசிறிய பிறகே தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசைய வேண்டும். நாழியில் அழுத்தினால் சிரமமின்றி இறங்கவும், பிழிந்த இழை அறுந்து போகாமலும் இருப்பதே பதம். முறுக்கு கரகரப்பாக வரட்டும் என்று வெண்ணெயை அள்ளிப் போடுவோர் உண்டு. அளவு மீறினால் முறுக்கு எண்ணெயிலேயே உதிர்ந்து, எண்ணெயை உறிஞ்சிக் கனத்துவிடும். மொத்த மாவையும் ஒரே நேரத்தில் பிசைந்து வைக்காமல் இரண்டு மூன்று பங்காகப் பிசைவது நல்லது, ஏனென்றால் நேரம் சென்ற மாவில் முறுக்கு சிவந்து போகிறது.

எண்ணெயின் சூடு ஏறத்தாழ 175 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும். வெப்பமானி இல்லாத வீட்டில் ஒரு சிட்டிகை மாவைப் போட்டுப் பார்க்கலாம். அது அடியிலேயே தங்கினால் சூடு போதாது. போட்டவுடன் மேலெழும்பிக் கருகத் தொடங்கினால் சூடு அதிகம். இரண்டு மூன்று நொடிகளில் குமிழிகளோடு மிதந்து வந்தால் பிழியலாம். சூடு குறைந்த எண்ணெயில் ஆவி வலுவாகக் கிளம்பாது, மேற்புறமும் இறுகாது. அந்த முறுக்கு வெளிறிப்போய், கையில் எடுத்தால் பிசுபிசுக்கும். வாணலி நிறையப் பிழிந்தாலும் இதே கதிதான், எண்ணெய் சட்டென்று ஆறிவிடுகிறது.

எப்போது எடுப்பது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். நிறத்தைப் பார்த்து எடுப்பதைவிடச் சத்தத்தைக் கேட்டு எடுப்பது நம்பகமானது. சலசலப்பு முழுவதும் அடங்கிக் குமிழிகள் ஓய்ந்தால்தான் நீர் போய்விட்டது என்று பொருள். ஒரு தீபாவளிக்கு ஒரே மாவில் பிழிந்த முறுக்குகளில் பாதியை நிறம் வந்ததும் எடுத்தேன். மீதியைத் தீயைச் சற்றுத் தணித்து, ஓசை அடங்கும்வரை விட்டு எடுத்தேன். அன்று மாலை இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மூன்றாம் நாள் முதல் பாதி பல்லில் இழுபட்டது, மற்றது நொறுங்கியது.

எடுத்த பிறகும் வேலை முடிவதில்லை. முறுக்கு ஆறும்போது துளைகளில் எஞ்சிய ஆவி குளிர்ந்து சுருங்குகிறது. அந்த வெற்றிடம் மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்கிறது. எண்ணெயில் பெரும் பங்கு ஏறுவது இந்தச் சில நிமிடங்களில்தான். ஆகையால் ஜல்லிக் கரண்டியில் எடுத்ததும், சூடு ஆறுவதற்குள் வாணலிக்கு மேலேயே சற்று நேரம் சாய்த்து வடியவிட்டு, பிறகு துளையுள்ள தட்டில் ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் பரப்ப வேண்டும்.

உளுந்து வடைக்கும் மாவில் நீர் குறைவாக இருக்க வேண்டும் என்பது பொருந்தும். அரைத்த மாவு இளகிவிடாமல் இருக்க உப்பைச் சுடப்போகும் நேரத்தில் சேர்ப்பார்கள். ஆனால் வடையின் உட்புறம் மென்மையாக, ஈரத்தோடு இருந்தாக வேண்டும். அந்த ஈரம் சிறிது நேரத்தில் மேலோட்டுக்கு வந்துவிடுவதால், வடையை மொறுமொறுப்பாகச் சேமிக்க வழியில்லை; சுட்ட சூட்டில் தின்பதுதான் அதற்கு மரியாதை.

முறுக்கு உள்ளும் புறமும் நன்றாக ஆறிய பிறகே டின்னில் இட வேண்டும். வெதுவெதுப்பாக மூடினால் மூடியின் உட்புறம் வியர்த்து, அந்த நீர் முறுக்கிலேயே விழும். இறுக மூடும் டின்களில் சிறிது சிறிதாகப் பிரித்து வைத்தால், தினமும் திறக்கும் டின் நமத்தாலும் மற்றவை தப்பும். கைபோடும் ஈரக் கையும் ஒரு காரணம் என்பதைக் குழந்தைகள் உள்ள வீட்டில் சொல்லத் தேவையில்லை.

நமத்த முறுக்கை 120 டிகிரி சூட்டில் அவனில் சுமார் பத்து நிமிடம் வைத்து, முழுவதும் ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பும். சூடாக இருக்கும்போதே கடித்துப் பார்த்து ஏமாற வேண்டாம். ஆனால் சிக்கு வாடை வந்துவிட்டால் அது எண்ணெய் கெட்டதன் அடையாளம். அந்த முறுக்கை எந்தச் சூடும் மீட்காது, கொட்டிவிட வேண்டியதுதான். வணக்கம்.