மிக அருகில் உள்ள கடை எது?

அவையோர் அனைவருக்கும் என் வணக்கம்.

வாடிக்கையாளர் ஒருவர் சென்னை தியாகராய நகரில் பனகல் பூங்காவின் ஓரமாக நின்றுகொண்டு, பக்கத்தில் உள்ள மருந்துக் கடைகளில் ஐந்தைக் காட்டும்படி கைப்பேசியில் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நம் தரவுத்தளத்தில் தென்னிந்தியா முழுவதிலும் இருந்து இரண்டு லட்சம் கடைகள் உள்ளன. ஒவ்வொரு கடைக்கும் தொலைவைக் கணக்கிட்டு, வரிசைப்படுத்தி, முதல் ஐந்தை எடுத்தால் விடை சரியாகவே வரும். ஆனால் ஐந்து கடைகளுக்காக இரண்டு லட்சம் முறை கணக்கிடுகிறோம். அதுவும் கேட்பவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக.

இதற்கு முதலில் தோன்றும் வழி, அட்சரேகைக்கு ஒன்றும் தீர்க்கரேகைக்கு ஒன்றுமாக இரண்டு சாதாரண இண்டெக்ஸ்கள் அமைப்பது. பூங்காவின் அட்சரேகை ஏறத்தாழ 13.04. அதற்கு ஒரு கிலோமீட்டர் வடக்கும் தெற்கும் என்று கேட்டால், அந்த இண்டெக்ஸ் ஒரு நீண்ட பட்டையை எடுத்துத் தரும். அந்தப் பட்டை மேற்கே நீண்டு பெங்களூரின் ஹெப்பாள் வழியாகவும் போகும். தீர்க்கரேகைப் பட்டையும் அதேபோல வடக்கு தெற்காக நீளும். இரண்டும் வெட்டும் சிறு கட்டம் மட்டுமே நமக்கு வேண்டும். அதை அடைவதற்குள் தேவையற்ற கடைகள் பலவற்றைத் தொட்டுவிடுகிறோம்.

அன்டோனின் கட்மன் 1984இல் வெளியிட்ட ஆர்-மரம் இரு திசைகளையும் ஒன்றாகப் பார்க்கிறது. அருகருகே உள்ள கடைகளை ஒரு செவ்வகத்துக்குள் அடைத்து, அத்தகைய செவ்வகங்கள் சிலவற்றை இன்னும் பெரிய செவ்வகத்துக்குள் அடைத்து, மேலே போகப் போக ஒரு மரமாகக் கட்டுகிறது. PostgreSQL தரவுத்தளத்தின் மேல் இயங்கும் PostGIS, இந்த முறையைத்தான் GiST இண்டெக்ஸ் வழியாகத் தருகிறது.

இந்த மரத்தில் தேடல் நடக்கும் விதத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க விரும்புகிறேன், ஏனெனில் மற்றவை எல்லாம் இதிலிருந்தே பிறக்கின்றன. நம் வாடிக்கையாளர் 'அ' என்ற செவ்வகத்துக்குள் நிற்கிறார். 'ஆ' செவ்வகத்தின் மிக அருகான விளிம்பு அவரிடமிருந்து 300 மீட்டரிலும், 'இ' செவ்வகத்தின் விளிம்பு 900 மீட்டரிலும் உள்ளன. 'அ'வைத் திறந்தால் 420, 650 மீட்டர்களில் இரண்டு கடைகள் கிடைக்கின்றன. 420 மீட்டர் கடையே அருகானது என்று உடனே சொல்லிவிட முடியாது. 'ஆ'வுக்குள் 300 மீட்டரிலேயே ஒரு கடை இருக்கக்கூடும். ஆகவே 'ஆ'வைத் திறக்கிறோம். 310 மீட்டரில் ஒரு கடை இருக்கிறது. இப்போது 310, 420, 650 என்ற மூன்றையும் ஐயமின்றி வெளியிடலாம். மூன்று கடைகள் போதுமென்றால் 'இ'யைத் திறக்கவே வேண்டியதில்லை. அதற்குள் இருக்கும் எந்தக் கடையும் 900 மீட்டருக்குக் குறைவான தொலைவில் இருக்க முடியாது. ஒரு பெட்டியைத் திறக்காமலேயே அதற்குள் இருப்பது குறைந்தபட்சம் எவ்வளவு தொலைவு என்று சொல்ல முடிவதுதான் இந்த முறையின் உயிர்.

கடைகளின் இடம் `geography` வகையில் பதிந்திருந்தால், தொலைவு மீட்டரில் கிடைக்கும். இண்டெக்ஸையும் வினவலையும் இப்படி எழுதலாம்:

```sql
CREATE INDEX kadai_idam_idx ON kadai USING gist (idam);

SELECT peyar FROM kadai
WHERE ST_DWithin(idam,
      ST_MakePoint(80.2341, 13.0418)::geography, 3000)
ORDER BY idam <->
      ST_MakePoint(80.2341, 13.0418)::geography
LIMIT 5;
```

`<->` என்ற குறி, நான் சொன்ன செவ்வகத் தேடலை நடத்தி, அருகிலிருந்து தொலைவுக்கு என்ற வரிசையில் கடைகளை ஒவ்வொன்றாகத் தருவதற்கானது. 3000 மீட்டர் வரம்பு எதற்கு என்று கேட்கலாம். இந்நேரம் திறந்திருக்கும் கடைகள் மட்டும் வேண்டும் என்று நிபந்தனை சேர்த்துப் பாருங்கள். நள்ளிரவில் திறந்திருப்பவை நான்கு மட்டுமே என்றால், ஐந்தாவதைத் தேடி இண்டெக்ஸ் முழுவதையும் தரவுத்தளம் நடந்து தீர்க்கும். வரம்பு அந்த நடையை நிறுத்துகிறது. அதே வரம்பை `ST_Distance(...) < 3000` என்று எழுதினாலும் விடை மாறாது. ஆனால் அந்த நிபந்தனைக்கு இண்டெக்ஸ் உதவாது, ஒவ்வொரு கடைக்கும் தொலைவு கணக்கிடப்படும். வினவலின் முன் `EXPLAIN` சேர்த்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்: பெரிய அட்டவணையில் `Seq Scan` என்று வந்தால் கேள்வியை இண்டெக்ஸுக்குப் புரியாத வடிவில் கேட்டிருக்கிறோம் என்றே பெரும்பாலும் பொருள்.

`ST_MakePoint` முதலில் தீர்க்கரேகையையும் பிறகு அட்சரேகையையும் எதிர்பார்க்கிறது. நாம் பேச்சில் அட்சரேகையையே முதலில் சொல்லிப் பழகியவர்கள். நான் பணியாற்றிய ஒரு திட்டத்தில் இரண்டையும் மாற்றி எழுதிவிட்டோம். கடைகளுக்கும் அப்படியே, வாடிக்கையாளருக்கும் அப்படியே. எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. ஏனெனில் அட்சரேகை 80, தீர்க்கரேகை 13 என்பதும் பூமியில் உள்ள இடமே. ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்குச் சற்று வடக்கே, ஆர்க்டிக் கடலில். சென்னை முழுவதையும் அங்கே கொண்டுபோய் வைத்திருந்தோம். எல்லாமே ஒன்றாக இடம்பெயர்ந்ததால் தொலைவுகளாவது சரியாக இருக்கும் என்று நினைக்கலாம், இல்லை. சென்னையில் ஒரு பாகைத் தீர்க்கரேகை ஏறத்தாழ 108 கிலோமீட்டர். துருவத்துக்கு அருகே, அட்சரேகை 80இல், அது 19 கிலோமீட்டர்தான். அதனால் உண்மையில் வடக்கே 2 கிலோமீட்டரில் உள்ள கடை, மாறிய கணக்கில் 340 மீட்டரில் இருப்பதாகவும், மேற்கே 800 மீட்டரில் உள்ள கடை 820 மீட்டரில் இருப்பதாகவும் வந்தன. தொலைவில் உள்ள கடை பட்டியலில் முந்திக்கொண்டது. முடிவுகள் எல்லாம் வடக்கு தெற்காகவே நீண்டு கிடப்பதை வரைபடத்தில் பார்த்த பிறகுதான் தவறு தெரிந்தது. ஓர் அட்சரேகை 8க்கும் 37க்கும் வெளியே இருந்தால் அந்த வரியை ஏற்காதபடி அட்டவணையில் ஒரு `CHECK` வைத்திருந்தால், முதல் நாளே அகப்பட்டிருக்கும்.

இவை எல்லாம் சரியாக அமைந்தாலும் நாம் கண்டறிவது வான்வழித் தொலைவை மட்டுமே. பெசன்ட் நகரின் வட கோடியில், ஊரூர் குப்பத்தில் நிற்பவருக்கு, அடையாற்று முகத்துவாரத்துக்கு அக்கரையில் உள்ள சீனிவாசபுரத்துக் கடை நேர்கோட்டில் மிக அருகே தெரியும். ஆனால் இடையில் உள்ள பாலம் 1977இல் இடிந்தது, உடைந்த பாலம் என்ற பெயரோடு இன்றும் அப்படியே நிற்கிறது. போக வேண்டுமென்றால் திரு.வி.க. பாலத்தைச் சுற்றித்தான் போக வேண்டும்.

சாலைத் தொலைவைக் கணக்கிடுவது செலவு மிகுந்த வேலை என்பதால் எல்லாக் கடைகளுக்கும் அதைச் செய்ய இயலாது. இங்கேயும் செவ்வகத்தின் தந்திரமே கைகொடுக்கிறது: சாலை வழி ஒருபோதும் நேர்கோட்டைவிடக் குறையாது. `<->` தரும் வரிசையில் கடைகளை ஒவ்வொன்றாக எடுத்து, சாலைத் தொலைவைக் கணக்கிட்டுக்கொண்டே வருவோம். அதுவரை கண்டவற்றுள் சாலை வழியே ஐந்தாவதாக நிற்கும் கடை 1,800 மீட்டரில் இருக்கிறது, அடுத்து வரும் கடையோ நேர்கோட்டிலேயே 1,850 மீட்டர் என்றால், அங்கே நிறுத்திவிடலாம். சீனிவாசபுரத்துக் கடை முன்வரிசையிலேயே வந்திருக்கும். அதன் சாலைத் தொலைவைக் கணக்கிட்டதும் தானாகவே ஐந்துக்கு வெளியே போய்விடும்.