ஒரு வரியால் ஒரு மழைக்காலம்

நேயர்களுக்கு வணக்கம். வேலைக்கு ஒப்பந்ததாரரைத் தேர்ந்தெடுத்த பிறகு அவர் கையில் கொடுக்கிறோமே பணி ஆணை, அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். சிவில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இருந்தும் சென்னையில் நான் குடியிருக்கும் அடுக்ககத்திலேயே இந்தக் கடிதம் எங்கள் காலை வாரிவிட்டது.

மொட்டை மாடி ஒழுகியது. பழைய தட்டோட்டைப் பெயர்த்து, வாட்டர்ப்ரூஃபிங் செய்து, புது ஓடு பதிக்க மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினோம். ஒருவர் பேரம் பேசிய பின் சதுர அடிக்கு 180 ரூபாய்க்கு இறங்கி வந்தார். 5,000 சதுர அடி, 9 லட்சம். ஆகஸ்ட் 20 அன்று கடிதம் கொடுத்தோம். அதில் சங்கச் செயலாளர் கடைசி நேரத்தில் ஒரு வரி சேர்த்தார்: "கைப்பிடிச் சுவரின் உள்பூச்சும் இதே தொகையில் அடங்கும்."

அந்த ஒரு வரிதான் வினை. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, ஏற்பு என்பது நிபந்தனையின்றி முழுமையாக இருக்க வேண்டும் என்கிறது. அவர் சொல்லாத வேலையை நாங்கள் சேர்த்ததும் அது ஏற்பாக இல்லாமல், எங்கள் பக்கத்திலிருந்து போன புது பேரமாகிவிட்டது. அவர் சண்டையெல்லாம் போடவில்லை. வேலையை முடிப்பதற்கு உத்தரவாதமாக எங்களிடம் கட்ட வேண்டிய காப்புத் தொகையைக் கட்டவில்லை, போனை எடுக்கவில்லை, அவ்வளவுதான். மூன்று வாரம் கழித்து நேரில் போய்க் கேட்டால், "நான் அதுக்கு ஒத்துக்கவே இல்லையே சார்" என்றார். சொன்னது சரிதான்.

வேலைக்கு 45 நாள் வேண்டும். செப்டம்பர் பாதியில் ஓட்டைப் பெயர்த்தால் திறந்த மாடியில் வடகிழக்குப் பருவமழை கொட்டும். எனவே தள்ளிப் போட்டோம். அந்த மழைக்காலம் முழுக்க மேல்மாடி வீட்டுக்காரர் ஹாலில் இரண்டு வாளி.

இரண்டாவது கடிதத்தை நானே எழுதினேன். அவருடைய திருத்திய கொட்டேஷனின் தேதியைக் குறிப்பிட்டு, "அதில் உள்ளபடி" என்றேன். பெயர்த்த ரப்பிஷை அப்புறப்படுத்துவதும் அதிலேயே இருந்தது. 9 லட்சத்தோடு 18 சதவீத ஜிஎஸ்டி 1,62,000 சேர்த்து 10,62,000 என்று எழுத்தாலும் எண்ணாலும் போட்டேன். 5,000 என்பது உத்தேசம், முடிவில் டேப் பிடித்து அளந்த அளவுக்கே பணம் என்றும் எழுதினேன்.

காப்புத் தொகை 5 சதவீதம், 45,000. கொட்டேஷனோடு கட்டிய 10,000 போக மீதி 35,000-ஐ பத்து நாளில் டிடியாகக் கட்ட வேண்டும்; கட்டினால்தான் மாடிச் சாவி. முதல் பில்லில் பிடித்துக்கொள்ளலாம் என்பார்கள், விடக்கூடாது. ஆள் பாதியில் போய்விட்டால் நம் கையில் என்ன இருக்கும்?

தொடக்க நாளையும் வெறும் தேதியாக விடவில்லை. பொங்கலுக்கு ஊர் போன ஆட்கள் திரும்ப வேண்டும், டிஷ் ஆன்டெனா, துணிக்கொடி எல்லாவற்றையும் நாங்கள் அகற்ற வேண்டும். ஆகவே, "ஜனவரி 22, அல்லது மாடியைக் காலியாக ஒப்படைக்கும் நாள், இரண்டில் பிந்தியது" என்று எழுதி, நகலில் கையெழுத்து வாங்கினேன்.

கைப்பிடிச் சுவருக்குத் தனிக் கொட்டேஷன் வாங்கினோம். செயலாளர் அதிலும் ஒரு வரி சேர்க்கப் பார்த்தார். பேனாவை வாங்கி வைத்துக்கொண்டேன். வணக்கம்.