உட்கார ஒரு முக்காலி

நடுவர் தந்த தலைப்பு: "மாதவிடாய் நிற்கும் பருவத்தில் பெண்ணை அதிகம் வாட்டுவது வீடா, வேலை செய்யும் இடமா?"

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். வேலை செய்யும் இடமே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஐயா, "நாற்பத்தைந்தை ஒட்டி நின்றுவிடும், ஆறு மாதம் வீட்டார் அனுசரித்தால் போதும்" என்றார். வயதைச் சரியாகவே சொன்னார். நம் நாட்டில் பெரும்பாலோருக்கு 46, 47 வயதை ஒட்டித்தான் நிற்கிறது. ஆனால் ஆறு மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது? நிற்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே தேதி தடுமாறத் தொடங்கிவிடும். தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்றே மருத்துவர் சொல்வார். திடீர் உடற்சூடு பலருக்கு ஏழு ஆண்டுகள்கூட நீடிக்கிறது. அத்தனை ஆண்டும் அவள் விடுப்பிலா இருக்கிறாள்?

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார், வயது 47. ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. காலை பத்து மணிக்கு நின்றால் இரவு ஒன்பது வரை நிற்க வேண்டும். கடை கொடுத்த பாலியெஸ்டர் சேலை, தோளில் நான்கு ஊக்கு. வாடிக்கையாளர் முன்னே சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போதே மார்பிலிருந்து ஓர் அனல் எழுந்து கழுத்து, முகம் என்று ஏறும். முகம் சிவந்து, முதுகு நனைந்து, சில நிமிடங்களில் அடங்கும். அடங்கிய பிறகு உடம்பு குளிரும். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது மூளையில் உடல் வெப்பத்தைக் காக்கும் பகுதிக்குப் பொறுமை குறைந்துவிடுகிறது. சிறிதளவு சூடு கூடினாலே உடம்பு கொதிக்கிறது என்று எண்ணி, இரத்தக் குழாய்களை விரித்து, வியர்வையைக் கொட்டச் செய்கிறது. காற்றுப் புகாத சேலையும் கண்ணாடிக்கூண்டு விளக்கும் அதற்குத் துணை போகின்றன.

இரவிலும் இதே கதைதான். நனைந்து எழுந்து இரவிக்கை மாற்றிப் படுத்தால் தூக்கம் போய்விடும். மறுநாள் 1,850 ரூபாய்ச் சேலைக்கு 1,580 என்று சீட்டு எழுதினார், வித்தியாசத்தைச் சம்பளத்தில் பிடித்தார்கள். "அக்காவுக்கு முன்போல் கவனம் இல்லை" என்று மேற்பார்வையாளர் சொன்னாராம். கவனமா இல்லை? தூக்கம் இல்லை!

இவற்றையெல்லாம் விடப் பெரியது இரத்தப்போக்கு. இரண்டு மாதம் வராது, பிறகு பத்து நாள் விடாது. கழிப்பறை மூன்றாவது மாடியில், போய்வர அனுமதி கேட்க வேண்டும். அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்தார், சிறுநீர்த்தொற்று வந்தது. ஒருநாள் படபடப்பு தாங்காமல் இதயநோய் என்று பயந்து மருத்துவமனைக்குப் போனார். இ.சி.ஜி. சரியாக இருந்தது, தைராய்டும் சரி. ஹீமோகுளோபின் மட்டும் 8. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். படபடப்புக்கும் மூச்சு வாங்கியதற்கும் பெரும் பங்கு இந்தச் சோகைதான். இரும்புச்சத்து மாத்திரை தந்து, கருப்பையில் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்தார்கள்.

எதிரணியின் மூன்றாவது பேச்சாளர் தம் தாயாரைப் பற்றிச் சொன்னார். நின்று பல ஆண்டுகள் கழித்து மறுபடி இரத்தம் பட்டதாம், உடம்பு தேறியதன் அடையாளம் என்று வீட்டில் மகிழ்ந்தார்களாம். தலைப்புக்கு அது பொருந்தவில்லை. ஆனாலும் தம்பி, இன்றே அம்மாவை மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஓராண்டு நின்ற பிறகு ஒரு துளி பட்டாலும் காட்டியே ஆக வேண்டும். பெரும்பாலும் சாதாரணக் காரணமாக இருக்கும், ஆனால் கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியும் அதுதான்.

எங்கள் அணியின் செவிலியர் அம்மா ஹார்மோன் சிகிச்சையைப் பற்றி விளக்கினார். 60 வயதுக்குள், நின்று பத்தாண்டுக்குள் தொடங்கும் பலருக்கு நன்மையே அதிகம், மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்குப் பொதுவாகத் தருவதில்லை என்றார். எதிரணி அம்மையார் "எதற்கு மாத்திரை, இயற்கையாகக் கடக்கட்டும்" என்றார். அது அந்தந்தப் பெண்ணும் மருத்துவரும் பேசி முடிவெடுக்க வேண்டியது, நானும் அவரும் இங்கே தீர்க்க முடியாது.

வீட்டில் எரிச்சல் வருவது உண்மை. அக்காவும் பிள்ளைகள் மேல் சீறினார். ஆனால் காரணம் தெரிந்த பிறகு கணவர் காலைச் சமையலை ஏற்றுக்கொண்டார், மகள் ஜன்னலோரம் படுக்கையைக் கொடுத்தாள். ஒரு வாரத்தில் நடந்தது அது. கடையில் என்ன நடந்தது? 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று அரசு சொல்லிவிட்டது. அங்கே இருக்கை இருக்கிறது, அதன்மேல் சேலைக்கட்டு அடுக்கியிருக்கிறார்கள்.

தனி விடுப்பு கொடுக்கலாமே என்றார் எதிரணித் தலைவர். அக்காவிடமே கேட்டேன். "விடுப்பு கேட்டால் நாற்பதைத் தாண்டியவளை வேலைக்கே எடுக்க மாட்டார்கள்" என்றார். அந்தப் பயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. அவர் கேட்பது வேறு: பருத்திச் சேலை, மின்விசிறிக்குப் பக்கத்தில் ஓர் இடம், அனுமதி கேட்காமல் கழிப்பறை, அந்த இருக்கையின் மேல் அடுக்கிய சேலைக்கட்டுகளை எடுத்துவிடுவது. தீபாவளிக்கு முன் கடைக்காரரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார். இன்னும் பதில் வரவில்லை, நடுவர் அவர்களே.